புகைக்கும் பெண்களுக்கு கருத்தடை மாத்திரை ஏன் ஆபத்து? மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையிலும் கவனம் தேவை

திருப்பதி: திருமலை தரிசனத்திற்கு நாள் குறித்தவுடன், அந்த நாளில் மாதவிடாய் வந்துவிடக் கூடாது என்பதற்காக மாத்திரை வாங்கும் வழக்கம் ஆந்திரா, தமிழ்நாட்டுப் பெண்களிடையே நெடுங்காலமாக உள்ளது. ஆனால், அந்த மாத்திரையை வாங்கும்போது பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. 'புகைபிடிக்கும் பழக்கம் இருக்கிறதா?' என்பதே அது. 35 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் மிகவும் முக்கியமானது.

கருத்தடைக்காக மட்டும் அல்ல

ஆந்திராவில் திருமணமான பெண்களில் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21ஆம் ஆண்டின் தேசிய குடும்ப நல ஆய்வு. எனவே, சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கருத்தடைக்காக மாத்திரை உட்கொள்வோர் குறைவே. எனினும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்களும் கலந்த அதே மாத்திரை, ஒழுங்கற்ற மாதவிடாயைச் சீராக்கவும் பரிந்துரைக்கப்படுகிறது. 'எனக்குத்தான் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதே, கருத்தடை மாத்திரைக்கான எச்சரிக்கை எனக்கு எதற்கு?' என்று ஒரு பெண் நினைப்பது இயல்பு. ஆபத்து இருப்பது மாத்திரை எதற்காக உட்கொள்ளப்படுகிறது என்பதில் அல்ல, அதில் உள்ள ஈஸ்ட்ரோஜனில்தான்.

புகையால் முந்தி வரும் மாதவிடாய் நிறுத்தம்

பெண்ணின் சினைப்பையில் உள்ள கருமுட்டைகள் பிறக்கும்போதே எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை. புகையிலைப் புகையில் உள்ள நச்சுப் பொருட்கள் அவற்றை வழக்கத்தைவிட வேகமாக அழிக்கின்றன. இதனால் புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிறுத்தம் மற்றவர்களைவிட சுமார் 1 முதல் 2 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 அல்லது 47. மேலை நாடுகளில் இது 51. நம் பெண்களுக்கு ஏற்கனவே முன்னதாக வருவதை புகைப்பழக்கம் இன்னும் முன்னுக்குத் தள்ளுகிறது. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அது முன்கூட்டிய நிறுத்தம். 40 வயதுக்கு முன் நின்றால் அது சிகிச்சை தேவைப்படும் சினைப்பைச் செயலிழப்பு. இவை வருவதற்கு முன் பல மாதங்கள் சுழற்சி தாறுமாறாக இருக்கும். இந்த நேரத்தில்தான் பல பெண்கள் மாத்திரையை நாடுகின்றனர்.

ரத்தம் உறைவதில் இரண்டு வகை

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கல்லீரலில் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது. இதனால் கால் சிரைகளில் ரத்தக்கட்டி உருவாகி, அது நுரையீரலுக்குச் செல்லலாம். மாத்திரை உட்கொள்ளாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு இது ஏற்படுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த வழக்கமான மாத்திரையை உட்கொள்வோரில் 5 முதல் 7 பேருக்கு ஏற்படுகிறது. அதாவது, இளம் வயதில், வேறு பாதிப்புகள் இல்லாதவர்களுக்கு இது அரிதான விளைவே.

இரண்டாவது வகை, இதயத்திற்கும் மூளைக்கும் செல்லும் தமனிகளில் ஏற்படும் அடைப்பு. புகை ரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. வயது கூடக்கூட அந்தச் சிதைவும் கூடுகிறது. அதன்மேல் ஈஸ்ட்ரோஜனும் சேரும்போது மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு கணிசமாக உயர்கிறது. புகைக்கும் பெண்களுக்கான தடை முக்கியமாக இதனால்தான்.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி, 35 வயதும் அதற்கு மேலும் ஆகி, நாளொன்றுக்கு 15 சிகரெட் அல்லது அதற்கு மேல் புகைப்பவர்கள் கலப்பு மாத்திரையை உட்கொள்ளவே கூடாது. 15க்குக் குறைவாகப் புகைத்தாலும், வேறு வழி இல்லாதபோது மட்டுமே பரிசீலிக்க வேண்டும். 35 வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக உட்கொள்ளலாம். பீடி, சுருட்டு புகைப்பவர்களும் தங்களைப் புகைப்பவர்களாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

சித்தூரைச் சேர்ந்த 38 வயதுப் பெண் ஒருவர், நாளொன்றுக்கு 8 சிகரெட் புகைப்பவர் எனக் கொள்வோம். ஆறு மாதங்களாக அவருக்கு மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை. திருமலைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று வேளை உட்கொள்கிறார். மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாட்கள் முன்பு தொடங்குவது வழக்கம். அவருக்கோ அந்த நாள் எதுவெனத் தெரியாது. ஆகவே முன்னதாகவே தொடங்கி, நீண்ட நாட்கள் உட்கொள்கிறார்.

நோரெதிஸ்டிரோன் புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்தது. ஆனால், இந்த அளவில் உட்கொள்ளும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அப்படி மாறும் அளவு, ஒரு கலப்பு கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கு ஏறத்தாழ இணையானது. கலப்பு மாத்திரையைத் தவிர்க்க வேண்டிய அந்தப் பெண், தாம் அறியாமலேயே அதற்கு ஒப்பான ஒன்றை உட்கொள்கிறார். மணிக்கணக்கில் பேருந்தில் அமர்ந்து செல்வதும் சிரையில் ரத்தம் உறைவதற்குத் துணை செய்யும். தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றால், மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் போன்ற மாற்று மாத்திரை பொருந்துமா என மருத்துவரிடம் கேட்கலாம்.

அவர் ஊர் திரும்பிய பின், சுழற்சியைச் சீராக்க கலப்பு மாத்திரையைத் தொடங்கினால் இன்னொரு சிக்கலும் எழும். மாத்திரையை நிறுத்தும் ஏழு நாட்களில் வரும் ரத்தப்போக்கு இயற்கையான மாதவிடாய் அல்ல. சினைப்பை முற்றிலும் செயலிழந்திருந்தாலும் அது மாதந்தோறும் வரும். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்ற எண்ணத்தில், முன்கூட்டிய மாதவிடாய் நிறுத்தம் ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் போகலாம். அதற்குள் எலும்புகள் வலுவிழக்கத் தொடங்கிவிடும். எனவே மாத்திரை தொடங்கும் முன்பே கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.ஹெச். ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம். மாத்திரை உட்கொள்ளும்போது எஃப்.எஸ்.ஹெச். அளவு நம்பகமாக இருக்காது.

மாற்று வழிகள் என்ன?

ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் புகைப்பவர்களுக்கும் பொருந்தும். கருத்தடைக்கு காப்பர்-டி அல்லது புரோஜெஸ்டின் மட்டும் கொண்ட மாத்திரையைத் தேர்ந்தெடுக்கலாம். அதிக ரத்தப்போக்கும் இருந்தால், கருப்பைக்குள் பொருத்தப்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் அதையும் குறைக்கும். புகைப்பதை நிறுத்தினால் தடையும் தளரும். ஆனால் உடனடியாக அல்ல. 35 வயதைக் கடந்தவர்கள் நிறுத்தி ஓராண்டு ஆன பிறகே கலப்பு மாத்திரை குறித்து மறுபரிசீலனை செய்யலாம் என்கின்றன பிரிட்டன் வழிகாட்டுதல்கள்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமும்போது ரத்தம், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். உட்கொண்ட மாத்திரையின் அட்டையை உடன் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்.

குடும்பத்தினர் உடனிருக்கும்போது புகைப்பழக்கத்தைச் சொல்ல பெண்கள் தயங்குவது இயல்பே. அத்தகைய சூழலில், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். புகையிலையைக் கைவிட விரும்புவோர் 1800-112-356 என்ற தேசிய இலவச உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.