பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்
மாம்பழம் அனுப்புபவர்களுக்கு ஒரு கணக்கு

தோப்பிலிருந்தே நேரடியாகப் பழம் அனுப்பும் விவசாயிகள் பலரும் பெட்டி போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில், ‘பழம் எப்படி இருந்தது?’ என்று கேட்கிறார்கள். ‘சூப்பர்’ என்று நாலு பதில் வரும். ‘சரியில்லை’ என்று ஒரு பதில் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த பெட்டியில் எதை மாற்றுவது என்று முடிவெடுக்க முடியாது. தப்பு கேள்வியில் இருக்கிறது.

கிருஷ்ணகிரி பக்கம் செந்தூரா மாம்பழத்தை 5 கிலோ பெட்டிகளில் அனுப்பும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முற்றிய காயைப் பறித்து, மூன்று அடுக்காக அடுக்கி அனுப்புகிறார்கள். வாங்குபவர் வீட்டில் வைக்கோலில் வைத்துப் பழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். ‘பாதிப் பழம் கறுத்துப் போச்சு’ என்று சிலர் சொல்கிறார்கள். கூரியர்காரர் தூக்கிப் போடுவதுதான் காரணம் என்று குடும்பம் நினைக்கிறது.

எப்போது கேட்பது?

காயாக அனுப்பும் மாம்பழத்தைப் பெட்டி போன அன்றே விசாரித்தால், ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். அடிபட்ட இடம் அப்போது தெரியாது, பழுக்கும்போதுதான் கறுக்கும். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பெட்டி போன அன்று: ‘பெட்டி எப்படி வந்தது? 1. நன்றாக 2. நசுங்கி 3. ஈரமாக. எண்ணை மட்டும் அனுப்புங்கள்.’

ஆறாம் நாள்: ‘எத்தனை பழம் வீணானது? எண் மட்டும் போதும். ஒன்றும் இல்லையென்றால் 0.’

‘திருப்தியா?’ என்று கேட்டால் முகத்துக்காகப் பதில் சொல்வார்கள். எண்ணிச் சொல்லக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். பதில் வந்ததும் ஒரு நோட்டில் பெட்டி எண், பறித்த நாள், அனுப்பிய வழி, வீணான பழம் என்று நாலு கட்டம் போட்டு எழுத வேண்டும். பெட்டி எண் இல்லாத பதிலால் பயனில்லை.

நோட்டு என்ன சொல்கிறது?

முதல் முறை 40 பெட்டி போகிறது. 28 பேர் பதில் சொல்கிறார்கள். இரண்டு பழத்துக்கு மேல் வீண் என்றவர்கள் 9 பேர். வழிவாரியாகப் பிரித்தால், பஸ் பார்சலில் வாங்கிய 16 பேரில் 5 பேர், கூரியரில் வாங்கிய 12 பேரில் 4 பேர். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். பெட்டி நசுங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆகக் குற்றம் கூரியர் மேல் இல்லை. பெட்டிக்குள்ளே பார்க்க வேண்டும்.

அடிஅடுக்குக் காய்தான் மேல் இரண்டு அடுக்கின் பாரத்தையும் தாங்குகிறது. ஆனால் ஆறாம் நாள் எது அடிஅடுக்குப் பழம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் அடுத்த 30 பெட்டிகளில், அடிஅடுக்குக் காய் ஒவ்வொன்றிலும் சின்ன பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். மூன்றாவது கேள்வி இதுதான்: ‘வீணான பழங்களில் பச்சை ஸ்டிக்கர் இருந்ததா?’ 21 பதில். குறை சொன்னவர்கள் 7. அதில் 6 பேர் ‘ஆமாம்’ என்கிறார்கள்.

மூன்றாம் முறை, அகலமான பெட்டியில் இரண்டே அடுக்கு, நடுவில் வைக்கோல். 30 பெட்டி, 22 பதில், குறை 2. ஒரு முறையோடு முடிவுகட்டிவிடக் கூடாது. மழை நாளில் பறித்த காய் வேறு மாதிரி இருக்கும். இன்னும் இரண்டு பறிப்புக்கு இதே கேள்விகளைக் கேட்ட பிறகே நிலையான மாற்றம் என்று கொள்ளலாம்.

பதில் சொல்லாதவர்கள்

முதல் முறை 12 பேர் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் கோபத்தில் இருக்கிறார்களா, நேரமில்லையா? அவர்களில் ஐந்து பேருக்குப் போன் செய்தால் தெரிந்துவிடும். நாலு பேர் ‘பழம் நல்லாத்தான் இருந்துச்சு, மறந்துட்டேன்’ என்றும், ஒருவர் குறையும் சொன்னால், வந்த பதில்களை ஓரளவு நம்பலாம். ஐந்தில் மூன்று பேர் ‘இனி வாங்க வேண்டாம் என்றிருந்தோம்’ என்றால், நோட்டில் உள்ளதைவிட நிலைமை மோசம். சொந்தக்காரர்களின் பதிலைத் தனியாக வைப்பது நல்லது. அவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள்.

‘நல்ல பதில் சொன்னால் அடுத்த பெட்டியில் தள்ளுபடி’ என்று சொல்லக் கூடாது. பதில் நல்லதாகும், பழம் ஆகாது. வீணான பழத்துக்கு ஈடு தருவதென்றால், கேள்விக்குப் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தர வேண்டும்.

கடைசியாக, குறை சொன்ன ஒன்பது பேருக்கும் ஒரு வரி அனுப்ப வேண்டும்: ‘நீங்கள் சொன்னதால் இப்போது இரண்டு அடுக்காகத்தான் அனுப்புகிறோம்.’ சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள் என்று தெரிந்தவர், அடுத்த முறையும் எண்ணிப் பார்த்துப் பதில் அனுப்புவார்.