கால் சுற்று தள்ளி இன்னோர் அலை

4ஜி கைபேசியில் ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வந்து கொண்டிருக்கும் கோடிக்கணக்கான பிட்டுகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 0010. கோபுரம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதில்லை. '16-குவாம்' என்ற முறையில் இயங்கும்போது நான்கையும் ஒரே தவணையில் அனுப்பிவிடுகிறது. 4ஜி தரநிலையின் அட்டவணையில் 0010-க்கு நேரே இரண்டு எண்கள் இருக்கின்றன: 3, 1. முதலாவதைப் பொறியாளர்கள் 'ஐ' என்றும் இரண்டாவதை 'கியூ' என்றும் அழைக்கிறார்கள். ஒன்றுக்கொன்று கட்டுப்படாத எண்கள் இவை. ஐ எதுவாக இருந்தாலும், கியூ −3, −1, 1, 3 ஆகிய நான்கில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், ஒரே ஆண்டெனாவிலிருந்து கிளம்புகின்றன. ஆனாலும் கைபேசி இரண்டையும் பிரித்துப் படித்துவிடுகிறது.

கோபுரத்தில் நடப்பது எளிமையானது. ஊர்தி அலையை உண்டாக்கும் அலையியற்றியின் வெளியீடு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று அப்படியே செல்கிறது. மற்றது கால் சுற்று, அதாவது 90 பாகை, தள்ளி வைக்கப்படுகிறது. இந்தியாவில் 4ஜி-க்குப் பயன்படும் 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கால் சுற்று என்பது ஒரு நானோவிநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. முதல் அலையின் வீச்சை 3 மடங்காகவும் இரண்டாவதன் வீச்சை 1 மடங்காகவும் வைத்து, இரண்டையும் கூட்டி வெளியே விடுகிறார்கள்.

அப்படிக் கூட்டினால் காற்றில் போவது இரண்டு அலைகள் அல்ல, ஒன்றே ஒன்றுதான். கிழக்கே 3 கிலோமீட்டர் போய், வடக்கே 1 கிலோமீட்டர் போனவரின் பயணத்தை "18.4 பாகை சாய்வில் 3.16 கிலோமீட்டர்" என்று ஒரே கோடாகவும் சொல்லலாம் அல்லவா? அதுபோலத்தான் இந்த அலையும். அதன் வீச்சு 3.16, அதன் முகடு வழக்கமான இடத்திலிருந்து 18.4 பாகை நகர்ந்திருக்கிறது. அந்த ஒரே கோட்டிலிருந்து கிழக்கு எவ்வளவு, வடக்கு எவ்வளவு என்று திரும்பக் கணக்கிடுவதே கைபேசியின் வேலை.

இதைச் சாத்தியமாக்குவது ஒரு சின்ன உண்மை. முதல் அலை முகட்டில் நிற்கும்போது, கால் சுற்று தள்ளி வரும் அலை சரியாகச் சுழியில் இருக்கும். அந்தக் கணத்தில் அளந்தால் 3 மட்டுமே தெரியும். இரண்டாவது அலை முகட்டைத் தொடும் கணத்தில் அளந்தால் முதலாவது சுழியில் இருக்கும். 1 மட்டும் தெரியும். நடைமுறையில் ஒற்றைக் கணத்தை நம்புவதில்லை. வந்த அலையைக் கைபேசி தன்னிடமுள்ள முதல் அலையின் நகலால் பெருக்கிச் சராசரி எடுக்கிறது. ஓர் அலையை அதே அலையால் பெருக்கினால் விடை ஒருபோதும் எதிர்க்குறியாகாது. சராசரியில் பாதி மிஞ்சும். கால் சுற்று தள்ளிய அலையால் பெருக்கினாலோ, ஒரு கால் சுற்றில் நேர்க்குறி, அடுத்த கால் சுற்றில் எதிர்க்குறி என்று மாறி மாறி வந்து மொத்தமும் கழிந்துபோகும். ஆக 1.5 கிடைக்கிறது, இரட்டித்தால் 3. மற்ற நகலால் பெருக்கினால் இதே வழியில் 1. எண்கள் மாறாமல் நிற்கும் கால அளவு சுமார் 66.7 மைக்ரோவிநாடி. அதற்குள் ஊர்தி அலை ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் ஓடிவிடுகிறது என்பதால், சராசரி எடுக்க நேரம் தாராளம்.

ஒரே இடத்தில் இரட்டை விளைச்சலா என்று சந்தேகப்படுவது நியாயம்தான். உண்மையில் இது ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருந்த இடம். மத்திய அலை வானொலியில் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அனுப்ப 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் செலவாகிறது. ஊர்தி அதிர்வெண்ணுக்கு மேலே ஒரு பக்கப்பட்டை, கீழே இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே செய்தியை இருமுறை சொல்வதற்கு ஈடு. கியூ சேரும்போது அந்தச் சமச்சீர் உடைகிறது. இரு பக்கப்பட்டைகளும் வெவ்வேறாகி, இரண்டாவது செய்திக்கும் இடம் கிடைக்கிறது.

இத்தனையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கைபேசியின் நகல் அலை, வந்த அலையோடு கட்டம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். 2300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 13 சென்டிமீட்டர். கைபேசியைக் கோபுரம் இருக்கும் திசையில் மூன்றேகால் சென்டிமீட்டர் நகர்த்தினாலே கட்டம் 90 பாகை மாறிவிடும். திருத்தாமல் படித்தால் 3, 1 என்ற சோடி 1, −3 என்று தெரியும். அவ்வளவுகூட வேண்டாம், திசைகாட்டி 10 பாகை திரும்பிவிட்டால் 3 என்பது 3.13 ஆகவும், 1 என்பது 0.46 ஆகவும் படியும். அருகிலுள்ள அனுமதிக்கப்பட்ட எண்கள் இன்னும் 3, 1 என்பதால் தப்பிக்கலாம். 18.4 பாகை திரும்பினால் கியூ சுழியாகிவிடும். 1-ஆ, −1-ஆ என்று சொல்ல வழியில்லை. அந்தப் பிசகுக்கு ஏழு மில்லிமீட்டர் கூடத் தேவையில்லை.

அதனால்தான் கோபுரம் இடையிடையே இருதரப்புக்கும் முன்பே தெரிந்த எண்களை அனுப்புகிறது. ஒரு மில்லிவிநாடியில் 12 துணை ஊர்தி அலைகள் கொண்ட ஒரு தொகுப்பில் 168 இடங்கள் உண்டு. ஓர் ஆண்டெனாவுக்கு அவற்றில் 8 இடங்கள் இந்த மேற்கோள் எண்களுக்கே போகின்றன. வந்திருக்க வேண்டியது என்ன, வந்தது என்ன என்று ஒப்பிட்டு, மற்ற எண்களைக் கைபேசி அந்தக் கோணத்துக்குத் திருப்பிவிடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் ஒரு மில்லிவிநாடிக்குள் கைபேசி 25 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே அந்த 8 இடங்களும் ஒரே நொடிப்புள்ளியில் குவியாமல் நான்கு தருணங்களில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன.

டிஜிட்டலுக்கு முன்பே இந்தத் தலைவலி இருந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சி முறை, நிறத்தை இதே ஐ, கியூ என்ற பெயர்களில் ஒரு துணை ஊர்தி அலையில் ஏற்றியது. கட்டம் பிசகினால் முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறின; பார்ப்பவர்கள் குமிழைத் திருகிச் சரிசெய்தார்கள். 1982-இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்ட ஜெர்மானிய 'பால்' முறை, ஒரு வரி விட்டு ஒரு வரியில் கட்டத்தைத் தலைகீழாக்கிப் பிழையைச் சமன் செய்தது.

இன்று பிழையைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் ஐ, கியூ எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாக இடுகிறார்கள். 16-குவாமில் நான்குக்கு நான்கு என்று சதுரமாகப் பதினாறு புள்ளிகள் தெரிய வேண்டும். சதுரமே திரும்பியிருந்தால் கட்டப் பிழை. புள்ளிகள் வட்ட வில்லாக இழுபட்டிருந்தால் அலையியற்றி நடுங்குகிறது. எல்லாப் பக்கமும் பஞ்சுபோலப் பரவியிருந்தால் வெறும் இரைச்சல். சதுரம் சாய்சதுரமாகத் தெரிந்தால், சுற்றில் எங்கோ 90 பாகை துல்லியமாக இல்லை. நீள்சதுரமானால் இரு கிளைகளின் பெருக்கம் சமமில்லை.

புள்ளிகளை நெருக்கினால் வேகம் கூடும்; தாங்கும் பிசகு குறையும். நான்கு புள்ளிகள் மட்டும் இருந்தால் 45 பாகை வரை தாங்கலாம். 16 புள்ளிகளில் மூலைப் புள்ளி சுமார் 17 பாகையில் எல்லை தாண்டுகிறது. 64-இல் சுமார் 8, 256-இல் 4-க்கும் குறைவு. இவை இரைச்சலே இல்லாத நிலையில் கிடைக்கும் கணக்குகள். எனவே கைபேசி 0 முதல் 15 வரையிலான ஓர் எண்ணால் தன் நிலைமையைக் கோபுரத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. கோபுரம் அதைப் பார்த்துப் புள்ளிகளைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ரயில் ஊரைத் தாண்டி, கோபுரம் தொலைவாகும்போது நான்கு புள்ளிகளுக்கே இறங்கிவர நேரிடும். படத்தின் தெளிவு குறையும், ஆனால் ஓட்டம் நிற்காது.