‘இந்தா’ என்று தொடங்கிய கடிதம்

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது வாழ்த்துமடல் வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். திருமணம், புதுமனை, பணி நிறைவு என்று எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ‘அன்பின் சிகரமே, பண்பின் உறைவிடமே’ என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் ஒரு மடல் தயார். சட்டம் போட்டுக் கொடுப்பார்கள், சுவரில் மாட்டுவார்கள், அப்புறம் ஒருவரும் படிக்கமாட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் கிடையாது. மேடையில் வாசிக்கிற மடலுக்கு அவ்வளவுதான் வேலை.

கட்டிய மனைவிக்குக் கணவன் எழுதுகிற வாழ்த்து வேறு ஜாதி. அதைப் படிக்கப் போவது ஒரே ஆள். எழுதியவரின் குறட்டை முதல் கடன் வரை அந்த ஆளுக்குத் தெரியும். அங்கே அலங்காரம் செல்லாது.

போன ஆவணியில் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி 35 வருஷம். பேரப்பிள்ளைகள் கேக் வெட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். ‘மாமா, நீங்க அத்தைக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க’ என்று மருமகள் பிடித்துக்கொண்டாளாம். “தம்பி, நாலு வரி நீயே போட்டுக் குடுத்துடு” என்றபடி போனை நீட்டினார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பியது. ரோஜாப் பூவுக்கு நடுவே ‘என் இல்லறத்தின் ஒளிவிளக்கே, நீ இல்லையேல் நான் இல்லை’ என்று ஓடியது.

நான் ஒன்றுதான் கேட்டேன். “இதுல அண்ணி பேர எடுத்துட்டு பக்கத்து வீட்டு அம்மா பேரப் போட்டா சரியா இருக்குமா?”

கொஞ்சம் யோசித்தார். “இருக்கும்போலத்தான் இருக்கு.”

“அப்ப இது அண்ணிக்கு இல்ல.”

எழுதித் தரமாட்டேன், கேள்வி மட்டும் கேட்கிறேன், நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். தயங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை. அறுபதாம் கல்யாணம் செய்கிறோம், திருக்கடையூர் போகிறோம், மறுபடி தாலி கட்டுகிறோம். ஆனால் அந்தச் சடங்கு கணவனின் வயதை வைத்து வருவது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்ற கணக்கு அதில் இல்லை. எண்பதில் செய்கிற சதாபிஷேகமும் அப்படியே. மந்திரத்தை ஐயர் சொல்வார், வாழ்த்தை உறவுக்காரர்கள் சொல்வார்கள். கணவன் தன் வாயால் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டிய இடம் எதுவும் அங்கே கிடையாது. முப்பத்தைந்து வருஷம் பேசாமல் பழகிய மனிதரைத் திடீரென்று எழுது என்றால் வாட்ஸப்பைத்தான் தேடுவார்.

முதல் நாள் எழுதி வந்ததில் நன்றி வரிசையாக இருந்தது. சமைத்துப் போட்டதற்கு, பிள்ளைகளைப் படிக்க வைத்ததற்கு, அவருடைய அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதற்கு. அத்தனையும் உண்மைதான். ஆனால் படித்தபோது அவருடைய பணி நிறைவு விழாவில் நான் எழுதிக் கொடுத்த மடல்தான் நினைவுக்கு வந்தது. ‘தம் பணிக்காலத்தில் திறம்படப் பணியாற்றி’ என்ற அதே தொனி. அதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். “ஆமா, அவளுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்த மாதிரி இருக்கு.” மனைவியின் வேலைகளைப் பட்டியல் போட்டு நன்றி சொல்கிற வாழ்த்துகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அவள் செய்த வேலை அவளுக்கே தெரியும். தெரியாதது, அதை இவன் எந்த நேரத்தில் கவனித்தான் என்பதுதான்.

அதனால் கேள்வியை மாற்றினேன். எதற்காகவாவது அண்ணியைத் திட்டிவிட்டு, திட்டியது தப்பு என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்டீர்களா? நீங்கள் வீட்டில் இல்லாதபோது நடந்த ஏதாவது, அண்ணி சொல்லாமல், மூன்றாம் மனிதர் சொல்லி உங்களுக்குத் தெரிய வந்ததா?

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. வாசல் லைட்.

லைனில் வேலை செய்யும் முறை தெரிந்தால்தான் இது புரியும். ராத்திரி எங்காவது கம்பி அறுந்தால், முதலில் துணை மின்நிலையத்தில் சொல்லி லைன் கிளியர் வாங்குவார்கள். சப்ளையை நிறுத்தி, எர்த் ராடு மாட்டி, அப்புறம்தான் போஸ்ட்டில் ஏறுவார்கள். வேலை முடிந்து எல்லோரும் இறங்கி, எர்த் ராடைக் கழற்றி, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மறுபடி சப்ளை வரும். இதை அண்ணி எப்போதோ காதில் வாங்கி வைத்திருக்கிறார். அண்ணன் கிளம்பியதும் கரண்ட் இல்லாத வீட்டில் வாசல் லைட் சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுப்பார். லைட் எரிந்தால் ஆள் உயிரோடு கீழே இறங்கிவிட்டார் என்று அர்த்தம். இவரோ விடிகாலையில் வந்து, எரிகிற லைட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுவார்.

இரண்டாவது கேள்விக்கு மறுநாள்தான் பதில் வந்தது. அது தானே புயல் கதை. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்த புயல். எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு போன நாள் அது. கம்பங்களும் அப்படித்தான் கிடந்தன. ஈபிகாரர் வீடு என்பதால் தெருவே அண்ணியிடம்தான் வந்து கத்தியது. அதை அவர் புருஷனிடம் சொல்லவே இல்லை.

இந்த இரண்டும் போதும் என்றேன். அண்ணனுக்கு மூன்றாவதாக ஒன்று எழுத ஆசை. தங்கை கல்யாணத்துக்காக அண்ணியின் சங்கிலியை அடகு வைத்து, மீட்க முடியாமல் போன விஷயம். எழுதியும் வந்திருந்தார், அரைப்பக்கம். அதில் மன்னிப்பு ஒரு வரி, தன் நிலைமை எப்படி இருந்தது என்ற விளக்கம் பதினோரு வரி. வேண்டாம் என்று சொன்னேன். இன்னும் ஆறாத புண்ணைக் கேக் வெட்டுகிற நாளில் காகிதத்தில் நீட்டக்கூடாது. அவளுக்குப் பதில் பேச இடமில்லாமல் போய்விடும். அதை ஒரு சாயங்காலம் வாயால் பேசிக்கொள்ள வேண்டும். வாழ்த்தில் வருகிற மன்னிப்புக்கு ‘ஆனால்’ என்ற சொல் ஆகாது.

‘உனக்குப் பட்ட கடனை எப்படி அடைப்பேன்’ என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். அதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை உண்டு. 1935 தொடக்கத்தில் சர்ச்சிலின் மனைவி கிளெமென்டைன் ஒரு உல்லாசப் படகில் கிழக்குத் தீவுகளுக்குப் போகிற வழியில் சென்னையிலிருந்து கணவனுக்குக் கடிதம் போட்டார். தன் வாழ்க்கையை நிறைவாக்கியது அவர் என்று அதில் எழுதியிருந்தார். ஜனவரி 23 அன்று சர்ச்சில் பதில் எழுதினார். அன்பில் கணக்கு வழக்கு இருக்கலாமென்றால், தான்தான் எப்போதும் பெரிய கடனாளி என்பது அதன் சாரம். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி 26 வருஷம். அந்த ஒரு வரிக்குக் கனம் வந்ததற்குக் காரணம், அந்த மாதங்களில் அவர் மனைவிக்கு எழுதியனுப்பியதில் வீட்டுக் குளம், அன்னப் பறவைகள், தோட்ட வேலை பற்றிய செய்திகள் நிறைய இருந்ததுதான். கடன் என்ற சொல்லை எப்போதாவது ஒருமுறை சொன்னால் நிற்கும். நம் சினிமா வசனத்தில் அது தேய்ந்துபோய்விட்டது.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. எப்படி விளிப்பது? ‘அன்பு மனைவிக்கு’ என்று போட்டால் அண்ணி யாருக்கு வந்த கடிதமோ என்று நினைப்பார். பெயர் சொல்லியும் அண்ணன் கூப்பிட்டதில்லை. “வீட்ல எப்படிக் கூப்புடுவீங்க?” என்றேன். “இந்தான்னுதான்.” அதையே போடச் சொன்னேன். கையில் கொடுக்கும்போது சொல்கிற சொல்லும் அதுதானே.

இரண்டு பேரும் சம்மதித்ததால் கடிதத்தை இங்கே தருகிறேன்.

“இந்தா,

கல்யாணமாகி இன்னியோட 35 வருஷம். மருமக எழுதச் சொல்லிச்சு. மொதல்ல அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.

ராத்திரி பிரேக்டவுனுக்குப் போயிட்டு வர்றப்ப வாசல் லைட்டு எரியும். ஈபிகாரன் வீட்டுலயே கரண்ட வீணாக்குறியான்னு உன்னை எத்தனையோ தடவை திட்டியிருக்கேன். நான் போஸ்ட்ட விட்டு இறங்கிட்டேன்னு தெரிஞ்சிக்கத்தான் போட்டு வச்சேன்னு நீ சொன்னதே இல்ல. ரிட்டயர் ஆனப்புறம் பெரியவகிட்ட நீ சொல்லிக்கிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு. திட்டினது தப்பு.

தானே புயலப்ப மூணு நாள் நான் வீட்டுப் பக்கம் வரல. தெருவுல உன்னைப் பேசினதெல்லாம் ரேஷன் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும், அதுவும் ரெண்டு வருஷம் கழிச்சு. நம்ம தெருவுக்கு மொதல்ல குடுங்கன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். குடுத்திருந்தா ஆஸ்பத்திரி லைன் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும்.

இப்ப ராத்திரி நான் எங்கயும் போறதில்ல. வாசல் லைட்ட நான்தான் அணைக்கிறேன். நீ தூங்கிட்டியான்னு பாத்துட்டுத்தான் படுக்குறேன். அது உனக்குத் தெரியாது.”

கீழே கையெழுத்துக்கூட இல்லை. ‘நலமுடன் வாழ்க’ என்று ஒன்று போட்டிருந்தார், பிறகு அவரே அடித்துவிட்டார்.

கேக் வெட்டும்போது எல்லோர் முன்னாலும் வாசிக்கலாமா என்று மருமகள் கேட்டதற்கு நான் கூடாது என்றேன். கூட்டத்துக்கு நடுவே அழுவதா சிரிப்பதா என்ற தர்மசங்கடத்தை அண்ணிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? விடிகாலையில், காபி போடுகிறதுக்கு முன்னால், அடுப்படியில் வைத்து அண்ணன் நீட்டினார்.

அண்ணி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம். படித்து முடித்ததும் சொன்னது இதுதான்: “மூணு நாள் இல்ல, நாலு. ஜனவரி ரெண்டாந் தேதி சாயங்காலம்தான் வந்தீங்க. கால்ல ஒரு செருப்பு இல்ல.”

அண்ணன் என் வீட்டுக்கு வந்து பேனா வாங்கிப் போனார். இப்போது அந்தக் காகிதத்தில் மூணு அடிக்கப்பட்டு, மேலே நாலு என்று இருக்கிறது.