வெடிச் சத்தத்தை விரும்பும் குழந்தைக்கு ஒரு புகையில்லாத் தீபாவளி

தீபாவளி நெருங்கும் வாரங்களில் குழந்தைகள் நுரையீரல் பிரிவுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "டாக்டர், இவனுக்கு எந்தப் பட்டாசு வாங்கிக் கொடுக்கலாம்?" ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. வீட்டுக்குப் போய் அதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியவர்களுக்கு அது எளிதன்று.

எங்களிடம் சிகிச்சை பெறும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வெடிச் சத்தம் என்றால் உயிர். முந்தைய ஆண்டு அவனுடைய பெற்றோர் வெடிகளை முற்றிலும் தவிர்த்துவிட்டு, பாம்பு மாத்திரை, கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம் ஆகியவற்றை மட்டும் வாங்கினார்கள். சத்தம் இல்லாதது பாதுகாப்பானது என்பது அவர்கள் எண்ணம். அன்று இரவே அவனுக்கு இளைப்பு தொடங்கியது. விடியற்காலையில் நெபுலைசர் வைக்க நேர்ந்தது.

நுரையீரலைத் தாக்குவது ஓசையன்று, புகை. பட்டாசுப் புகையை அளந்த புனே ஆய்வாளர்கள், அவர்கள் சோதித்த வகைகளில் மிகுதியான நுண்துகளை வெளியிட்டது பாம்பு மாத்திரையே என்று கண்டார்கள். குழந்தை அதன்மேல் குனிந்து நின்று பார்க்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 'பசுமைப் பட்டாசு' புகையைக் குறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை. ஆகவே, அந்தக் குடும்பம் புகையைத் தடுக்காமல் சத்தத்தை மட்டும் தடுத்துவிட்டது. குழந்தைக்கு நோயும் வந்தது, ஆசையும் தீரவில்லை.

இம்முறை நாங்கள் அவனிடமே கேட்டோம்: "தம்பி, வெடியில உனக்கு என்ன பிடிக்கும்?" அவன் சற்றும் தயங்கவில்லை. "நான் வெடிச்சா எல்லாரும் திடுக்குன்னு திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் சரவெடி நிக்காம வெடிக்கும். திரி எரியும்போது காதைப் பொத்திக்கிட்டு நிப்பேன்." அவன் சொன்னவை மூன்று இன்பங்கள்: தன் கையால் ஓசை எழுப்புதல், தொடர்ந்து வெடித்தல், இதோ வெடிக்கப் போகிறது என்று காத்திருத்தல். மூன்றையும் நெருப்பின்றித் தர முடியும்.

முதலாவது, காகித வெடி. செய்தித்தாளின் ஒற்றைத் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து விரித்தால் நடுக்கோடு கிடைக்கும். நான்கு மூலைகளையும் அக்கோட்டைத் தொடுமாறு உள்ளே மடிக்கவும். பிறகு அக்கோட்டின் வழியே முழுத்தாளையும் இரண்டாக மடிக்கவும். இப்போது ஒரு பக்கம் நீளமாகவும் எதிர்ப்பக்கம் குட்டையாகவும் இருக்கும். நீளப் பக்கத்தின் இரு கூர்முனைகளையும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்குமாறு, குட்டைப் பக்கத்தை நோக்கி மடிக்கவும். கடைசியாக நடுவில் பின்புறமாக மடித்தால் முக்கோணம் வரும். சேர்ந்து நிற்கும் இரு கூர்முனைகளையும் பிடித்துக்கொண்டு கையை வேகமாகக் கீழே வீசினால், உள்மடிப்பு 'படார்' என்று வெளியே விரியும். விரியவில்லையெனில், உள்மடிப்பை முன்னதாக விரலால் சிறிது தளர்த்திவிடுங்கள். மடிப்பது பெரியவர் வேலை. வீசுவது குழந்தையின் உரிமை. ஒரே விதி, பிறர் காதருகே வீசக்கூடாது.

இரண்டாவது, சரவெடி. பார்சல்களைச் சுற்றி வரும் குமிழித் தாளை ஒரு மாதம் முன்பிருந்தே சேர்த்துவையுங்கள். அதைப் பட்டையாக வெட்டி, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரித்து, ஓரங்களைத் தரையோடு நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் தாள் வழுக்கும். குழந்தை வெறுங்காலுடன் அதன்மேல் குதித்துக்கொண்டே ஓடட்டும்.

மூன்றாவது, காத்திருந்து வெடிக்கும் பை. சாண்ட்விச் வைக்கும் அளவுள்ள ஜிப் பை ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுகினால் அது வெடிக்காது. ஒழுகாத பையில் அரைக் கோப்பை வினிகரும் கால் கோப்பை வெதுவெதுப்பான நீரும் ஊற்றுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி சமையல் சோடாவை மெல்லிய காகிதத்தில் பொட்டலமாக மடித்து உள்ளே போட்டவுடன் மூடி, ஒருமுறை குலுக்கித் தரையில் வைத்துவிட்டு விலகுங்கள். காகிதம் நனையும் வரையிலான அந்த நேரமே இங்குத் திரி. பை உப்பி 'டப்' என்று வெடிக்கும். இதைத் திறந்தவெளியில் மட்டுமே செய்ய வேண்டும். வினிகர் நெடி சில ஆஸ்துமாக் குழந்தைகளுக்கு இருமலைத் தூண்டும். கண்களுக்கு நீச்சல் கண்ணாடி அணிவியுங்கள். இக்கலவையை மூடியுள்ள புட்டியில் ஒருபோதும் அடைக்கக்கூடாது. புட்டி சிதறினால் காயம் உறுதி.

தவிர்க்க வேண்டிய மாற்றுகளும் உண்டு. பலூனைக் காதருகே உடைப்பது செவிக்குத் தீங்கு. அதன் கிழிந்த துண்டுகள் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சுருள் வெடி போட்டுச் சுடும் பொம்மைத் துப்பாக்கியைக் குழந்தை முகத்தருகே வைத்தே சுடுகிறது. கார்பைடு துப்பாக்கியைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளின் கண்களை அது காயப்படுத்தியது.

பரிசு என்ன கொடுப்பது? பட்டாசுக்கு ஒதுக்கிய தொகையில் கையால் அடிக்கும் சிறிய டோலக் ஒன்று வாங்குமாறு அந்தத் தந்தையிடம் கூறினோம். மேற்சொன்ன மூன்றும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். இது மறுநாளும் இருக்கும். கைநீளத் தொலைவில் நிற்பவருடன் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஓசை அளவு மீறிவிட்டது என்று பொருள். அடித்து முடித்தபின் காதில் ரீங்காரம் கேட்பதாகக் குழந்தை சொன்னால், அன்று அத்துடன் நிறுத்திவிடுங்கள். மின்கலத்தில் இயங்கும் பொம்மையாயின், ஒலி வரும் துளைகளின்மேல் நாடா ஒட்டினால் ஓசை தணியும்.

இவற்றை எப்போது செய்வது என்பதும் முக்கியம். தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி தரப்படுகிறது. தெரு அதிரும் அந்த நேரத்தில் குழந்தையைச் சும்மா உட்கார வைத்தால் அது தண்டனையாகவே படும். அப்போது சன்னல்களை மூடிக்கொண்டு, காகித வெடியையும் சரவெடியையும் வீட்டுக்குள் நடத்துங்கள். பை வெடியைப் புகை சூழாத முந்தைய நாள் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாதீர்கள்; நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் இடைவெளி உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமல் திணறினாலோ, நிவாரண மருந்தைக் கொடுத்தபடியே உடனடியாக மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

அந்தச் சிறுவனின் தீபாவளி எப்படிக் கழிந்தது? குமிழித் தாள் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது, "அது மாதிரி சத்தம் வரலையே" என்று சற்று அழுதானாம். அவன் சொன்னது உண்மை; அந்த ஓசை எந்தக் காகிதத்துக்கும் வராது. ஆகவே, 'அதே சத்தம் வரும்' என்று குழந்தையிடம் வாக்களிக்காதீர்கள். பிறகு அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாட்டியின் முன்னே காகித வெடியை வீசினான். பாட்டி திடுக்கிட்டுத் திரும்பினார். அன்றிரவு அவன் இளைப்பின்றி உறங்கினான் என்று தாயார் அடுத்த பரிசோதனையின்போது கூறினார். அவர் கைப்பையில் மடித்துவைத்த செய்தித்தாள் நான்கு இருந்தன. அவற்றுள் ஒன்றை எங்கள் அறையிலேயே வீசிக் காட்டினான். நாங்களும் திடுக்கிட்டோம்.