சுங்கத்தில் நிற்கும் கூரியர் பார்சல்... பெயரையும் முகவரியையும் முதலில் பாருங்கள்!

'துபாயில் இருக்கும் என் தம்பி கூரியரில் அனுப்பிய பார்சல், அடையாளச் சான்று இல்லை என்று சுங்கத்தில் நிற்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது?' என்று ஆம்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனியிலும், இன்னொருவர் வெளிநாட்டிலும் இருப்பது சாதாரணம். அதனால், அவருக்குப் பதில் எழுதியதோடு நிற்காமல், பார்சல் கைக்கு வரும்வரை நடந்ததைக் கேட்டு இங்கே தருகிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்றதால், அவரைத் தங்கமணி என்று வைத்துக்கொள்வோம்.

தங்கமணியின் கணவர் ஒன்றரை ஏக்கரில் தென்னையும் காய்கறியும் வைத்திருக்கிறார். தங்கமணி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். தம்பி அனுப்பிய பெட்டியில் இருந்தவை, அம்மாவுக்குச் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, இரண்டு புடவை, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் துணி. அவ்வளவுதான்.

"மூணாவது நாளே மெசேஜ் வந்துச்சு சார். 'உங்க பார்சல் சுங்கத்துல இருக்கு, கே.ஒய்.சி. ஆவணம் குடுங்க'ன்னு இருந்துச்சு. பார்சல்னு சொல்லி ஏமாத்துறாங்கன்னு டி.வி-யில பார்த்திருக்கோம். அதனால அழிச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சு தம்பி, 'ஏன்க்கா இன்னும் வாங்கலை'ன்னு கேட்ட பிறகுதான் அது நிஜமான மெசேஜுன்னே தெரிஞ்சுது" என்றார் தங்கமணி.

அவருக்குக் கைகொடுத்தவர், அதே கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் இருக்கும் ஊழியர். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஷூ சாம்பிள், தோல் துண்டு, சோல் எல்லாம் கூரியரில்தான் வரும். அவற்றைச் சுங்கத்திலிருந்து எடுப்பதே அவருடைய அன்றாட வேலை.

நிறுத்தி வைப்பது ஏன்?

"வெளிநாட்டுப் பார்சல் விமானத்துல இறங்கினதும், கூரியர் கம்பெனி உங்க சார்பா சுங்கத்துக்கு ஒரு படிவம் போடணும். அதுக்குப் பேரு பில் ஆஃப் என்ட்ரி. யார் பேருக்கு வந்திருக்கோ அவர் நிஜமான ஆள்தானா, அந்த முகவரியில இருக்காரான்னு பார்த்துட்டுத்தான் போடணும்கிறது விதி. அடுத்தவர் பேரைப் போட்டுச் சரக்கு இறக்குறதைத் தடுக்க 2010-ல கொண்டுவந்தாங்க. ஆவணம் சேரலைன்னா படிவமே போட முடியாது. அதனால, சுங்க அதிகாரி பார்சலைப் பறிச்சு வெச்சிருக்கார்னு அர்த்தம் இல்லை. கூரியர் கம்பெனி உங்க பதிலுக்குக் காத்திருக்குதுன்னுதான் அர்த்தம்" என்றார் அந்த ஊழியர்.

ஆகவே, சென்னை விமான நிலையத்துக்கு ஓட வேண்டியதில்லை. கூரியர் கம்பெனி எந்த ஊரில் சரக்கை இறக்குகிறதோ, அங்குதான் பார்சல் இருக்கும். அது சென்னையாகவும் இருக்கலாம், வேறு நகரமாகவும் இருக்கலாம். ஆவணத்தை வீட்டிலிருந்தே அனுப்பிவிடலாம்.

மெசேஜ் நிஜமா, மோசடியா?

அனுப்பியவரிடம் ஒரு ரசீது இருக்கும். அதில் ஏர்வே பில் எண் என்று ஒன்று இருக்கும். மெசேஜில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இருந்தாலும் மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். கூரியர் கம்பெனியின் இணையதள முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய், அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிஜமான பார்சல் என்றால் எந்த ஊரில், எதற்காக நிற்கிறது என்று அங்கேயே காட்டும். பேச வேண்டுமென்றாலும் அந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கே பேசுங்கள்.

யாரும் அனுப்பாத பார்சலைப் பற்றி யாராவது போன் செய்து, 'உங்கள் ஆதாரில் போதைப்பொருள் வந்திருக்கிறது, வீடியோ காலில் வாருங்கள், பணம் கட்டுங்கள்' என்றால் அது மோசடி. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சுங்கத் துறையிலிருந்து வரும் கடிதங்களில் டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்கும். அது சரியானதா என்று மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

மூன்று முறை திரும்பிய ஆவணம்

தங்கமணி ஆதாரை அனுப்பினார். திரும்பி வந்தது. காரணம், முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்திருந்தார். முகவரி இருப்பது பின்பக்கத்தில்.

இரண்டாவது முறை, கம்ப்யூட்டர் சென்டரில் இ-ஆதார் எடுத்து அனுப்பினார். அதுவும் திரும்பியது. இ-ஆதார் கோப்பு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த ஆண்டு. இதுதான் பாஸ்வேர்டு. நாம் திறந்து பார்த்துவிடுவோம். அங்கே வாங்குபவர்களால் திறக்க முடியாது. கோப்பைத் திறந்து, அச்செடுத்து, அதைப் படமெடுத்து அனுப்புவது சுலபம்.

மூன்றாவது முறைதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. தம்பி பார்சலில் எழுதியிருந்தது, வீட்டில் கூப்பிடும் 'தங்கம்' என்ற பெயர். ஆதாரில் இருப்பதோ 'தங்கமணி மு'. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று, பெயருக்குக் கீழே ஷூ கம்பெனியின் பெயரையும் முகவரியையும் எழுதியிருந்தார். கம்பெனி பெயரைப் பார்த்ததும் கூரியர்காரர்கள், இது வியாபாரச் சரக்கோ என்று கம்பெனியின் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணைக் கேட்டுவிட்டார்கள்.

"நல்லவேளை, அப்ப வரைக்கும் பில் ஆஃப் என்ட்ரி போடலை. போட்ட பிறகு திருத்தணும்னா சுங்க அதிகாரியோட அனுமதி வேணும். நான் அக்காகிட்ட ரெண்டு வேலை செய்யச் சொன்னேன். தம்பி பணம் கட்டின துபாய் ஆபீஸுக்கே போய், பெறுபவர் பேரையும் முகவரியையும் ஆதாரில் இருக்குற மாதிரியே மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும். இங்கே அக்கா, 'இது என் சொந்த உபயோகத்துக்கு, கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை'ன்னு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூரியர் கம்பெனி கேட்ட அங்கீகாரக் கடிதத்தோட அனுப்பணும்" என்றார் ஊழியர்.

இன்னொரு விஷயம் நம் பகுதிக்கே உரியது. ஆம்பூர் 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பழைய ஆதாரில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். பார்சலில் திருப்பத்தூர் என்று எழுதினால், ஊரை அறியாதவர்களுக்கு இரண்டும் வேறு முகவரியாகத் தெரியும். அனுப்புகிறவரிடம் ஆதாரின் படத்தைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயர், இனிஷியல், மாவட்டம், பின்கோடு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

குடியிருப்பு மாறியிருந்தால் வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் எதில் இப்போதைய முகவரி இருக்கிறதோ அதைக் கொடுக்கலாம். அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, வங்கிக் கணக்கு விவரம் போல இன்னொன்று என்று தனித்தனியாகவும் கொடுக்கலாம். நகலின் ஓரத்தில், எழுத்துகளை மறைக்காமல், 'இந்த ஏர்வே பில் பார்சலின் சுங்க விடுவிப்புக்கு மட்டும்' என்று எண்ணும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதபடி அது ஒரு காவல்.

வரி உண்டா?

திருத்தம் வந்த மூன்றாம் நாள், சுங்க வரிக்கான பில் வந்தது. 'பரிசுப் பொருள்தானே, 5,000 ரூபாய்க்குள் வரி இல்லையே' என்று பலரும் சொல்வார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போய்விட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்ற பரிசுகளை முழு வரி கட்டித்தான் எடுக்க வேண்டும்.

பொருளின் மதிப்பு, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டி அதன் மீது வரி போடுவார்கள். விமானத்தில் வரும் பொருளுக்கு, அனுப்பும் கட்டணத்தில் பொருள் மதிப்பின் 20 சதவிகிதம் வரைதான் சேர்க்க வேண்டும். பொருள் 4,500 ரூபாய், கூரியர் கட்டணம் 3,000 ரூபாய் என்றால், கணக்கில் சேர வேண்டியது 900 ரூபாய்தான். பில் வந்ததும் இதைச் சரிபாருங்கள். தங்கமணிக்கு வரியோடு சேர்த்து, முதல் மெசேஜை அழித்ததால் கடந்துபோன நாள்களுக்குக் கிடங்கு வாடகையும் வந்தது. அதையும் கட்டி, பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இன்னும் தள்ளிப் போட்டிருந்தால்? சுங்கச் சட்டத்தின் 48-ம் பிரிவுப்படி, இறங்கிய 30 நாள்களுக்குள் விடுவிக்காத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து, அதிகாரியின் அனுமதியோடு விற்றுவிடலாம். அதற்கு முன்பே அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பவும் கூரியர் கம்பெனி முயலும். ஆவணமெல்லாம் சரியாகக் கொடுத்தும் அசையவில்லை என்றால், அனுப்பிய தேதிகளோடு கூரியர் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சுங்கத்தில் தாமதம் என்றால், மத்திய அரசின் pgportal.gov.in தளத்தில் புகார் பதியலாம்.

இதே தொடர்பாக வந்த இரண்டு கேள்விகள்

மகன் வெளிநாட்டிலிருந்து காய்கறி விதை அனுப்பினால், ஆதார் கொடுத்து எடுக்க முடியுமா?

முடியாது. விதைக்கு 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, முன்கூட்டியே வாங்கிய இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் இல்லாத விதைப் பொட்டலம் இருந்தால், கூட வந்த பொருள்களும் சேர்ந்து நிற்கும். அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தெளிப்பானுக்கு நாசில், சொட்டுநீர் உதிரிபாகம் வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம். ஆனால், சொந்த உபயோகப் பொருளுக்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டாம் என்ற விலக்கு, வியாபாரம், உற்பத்தி, விவசாயம் மூன்றுக்கும் சம்பந்தமில்லாத பொருளுக்குத்தான். பண்ணைக்கான பொருள் என்றால் அந்த எண்ணைக் கேட்பார்கள். பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரத்தோடு dgft.gov.in தளத்தில் 500 ரூபாய் கட்டி அதை வாங்கலாம். பொருளை ஆர்டர் செய்வதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.