சாப்பிடாத நாளிலும் ஊசி உண்டு

"ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர், சாப்பாடே இறங்கல. அதான் ஊசி போடல." சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கு மிகவும் பழகிப்போன பதில் இது. சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் காய்ச்சல் வந்த உடம்பில் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரந்து, ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றுகின்றன. ஒரு வாய் கஞ்சி குடிக்காவிட்டாலும் சர்க்கரை ஏறும்.

டைப் 1 நோயாளிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கீட்டோன். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கும். அதில் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரும். அதுவே வாந்தியைக் கிளப்பும். வாந்தியால் நீர் வற்ற, கீட்டோன் மேலும் ஏறும்.

ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். டைப் 1. நாளுக்கு மொத்தம் 40 யூனிட் இன்சுலின். காலையிலிருந்து காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. சர்க்கரை 290, ரத்தக் கீட்டோன் 1.8. கீட்டோன் 0.6-க்குள் இருந்தால் கவலையில்லை, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. இந்த நிலையில், நாள் அளவில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 4 யூனிட் வேக இன்சுலினைக் கூடுதலாகப் போடச் சொல்வது மருத்துவர்களின் பொதுவான வழக்கம். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவையுங்கள். நீண்டநேர இன்சுலினை அவள் எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது.

சர்க்கரை 290 இருக்கும்போது வெறும் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ போதும். மடக்கென்று குடித்தால் வெளியே வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூனாக, மணிக்கு ஒரு டம்ளர் உள்ளே போனால் சரி. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறாள்: சர்க்கரை 170, கீட்டோன் 1.2. இங்கேதான் பலர் இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். கீட்டோன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. எனவே இப்போது கஞ்சியோ இளநீரோ குடித்து, அதன் துணையோடு இன்சுலினைத் தொடர வேண்டும்.

வீட்டில் ரத்தக் கீட்டோன் மீட்டர் இல்லையென்றால் சிறுநீர்ப் பட்டை உதவும். ஆனால் அது காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம்.

மாத்திரைகளின் கதை நேர்மாறு. வாந்தி, பேதியில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் லாக்டிக் அமிலம் சேரக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளையும் அப்படியே. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், மீட்டரில் 180 காட்டும்போதே கீட்டோன் எகிறியிருக்கலாம். சாப்பாடு இல்லாமல் கிளிமிபிரைடு போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, குடிக்க ஆரம்பித்து ஓரிரு நாள் ஆனபின் இவற்றைத் திரும்பத் தொடங்கலாம்.

நாலு மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, கீட்டோன் 3-ஐத் தொட்டுவிட்டது, மூச்சு ஆழமாக வேகமாக வாங்குகிறது, வயிறு வலிக்கிறது, ஆள் அசந்து கிடக்கிறார்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர் என்று தெரிந்தால், சர்க்கரை சரியாக இருந்தாலும் அங்கே கீட்டோனைப் பரிசோதிப்பார்கள்.