ஏ.எம்.எச். சோதனை முடிவு

ஏ.எம்.எச். என்பது சூலகத்தில் வளர்ந்துவரும் சிறிய கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோன் ஆகும். இரத்தத்தில் இதன் அளவு, எஞ்சியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழக் காட்டும். அவற்றின் தரத்தைக் காட்டாது.

கோட்டுச்சேரிமேட்டில் குழந்தைக்குத் திட்டமிடும் 34 வயதுப் பெண் ஒருவருக்கு, மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராம் என முடிவு வந்ததாகக் கொள்வோம். (சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை பிக்கோமோல் எனத் தரும், அதை 7.14 ஆல் வகுத்தால் இந்த அலகு கிடைக்கும்.) வயதுக்கு இது குறைவே. ஆனால் கருத்தரிக்க இயலாது என்பது இதன் பொருளன்று. மாதந்தோறும் வெளிப்படுவது பெரும்பாலும் ஒரே முட்டைதான். கையிருப்பு குறைந்தவரிடமும் அது வெளிவரலாம். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, கருவுறாமைச் சிக்கல் முன்பு இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களைக் கவனித்தது. அளவு 0.7க்குக் கீழ் இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தனர்.

இந்த எண் உண்மையில் பயன்படுவது சோதனைக் குழாய்க் குழந்தை சிகிச்சையில்தான். ஊசி மருந்து போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என மருத்துவர் இதைக்கொண்டு கணிப்பார். கருத்தடை மாத்திரை உட்கொள்பவருக்கு அளவு தாழ்வாகக் காட்டக்கூடும் என்பதால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

35 வயதுக்குட்பட்டோர் ஓராண்டு முயன்ற பின் மருத்துவரை அணுகுவது வழக்கம். அளவு குறைந்த இப்பெண் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.